‘வரும் வரை’ அட்டை

இன்னும் ஐந்து மணி நேரம் பத்து நிமிடம் இருந்தது. மாலை நான்கு மணிக்குள் பூமிகா தன் அப்பாவோடு மயிலாடுதுறைக்குப் போய், அங்கே ஒரு பள்ளியின் மாணவியர் விடுதியில் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் அவளுக்கு ஒதுக்கிய இடம் பட்டியலில் அடுத்திருக்கும் பிள்ளைக்குப் போய்விடும். அந்தப் பள்ளியில் கம்ப்யூட்டர் இருக்கிறது, ஒன்றல்ல, ஒரு அறை நிறைய.

வானதிக்கு இது தெரியும். தரங்கம்பாடிக்குத் தெற்கே, கடலுக்கும் வயலுக்கும் நடுவில் இருக்கும் அந்த நடுநிலைப் பள்ளியில் அவள் அறிவியல் டீச்சர். இயற்பியல் படித்தவள். நிரந்தர வேலை இல்லை, பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்துக்கொண்ட தற்காலிக வேலை. அதிகம் பேசமாட்டாள். யாராவது குரலை உயர்த்தினால் அவளுக்குச் சொல்ல வந்ததே மறந்துபோகும். ஆனால் கம்ப்யூட்டர் இல்லாமலே அதற்குக் கட்டளை எழுதக் கற்றுத்தரும் அட்டைப் பாடம் நடத்தும்போது மட்டும் அவள் குரல் தடுமாறியதே இல்லை.

அன்றைக்கும் ஏழாம் வகுப்பின் ஒன்பது பிள்ளைகளும் வராந்தாவில் சாக்பீஸால் கட்டம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆறுக்கு ஆறு, முப்பத்தாறு கட்டம். ஒரு கட்டத்தில் தண்ணீர் பாட்டில், ரோபோவாக நிற்கும் பிள்ளை அட்டை சொல்லும் வழியில் நடந்து அதைத் தொட வேண்டும். ஆடிக் காற்று அட்டைகளை அள்ளிக்கொண்டு போகாமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல். ‘ஓரடி முன்னே’, ‘இடது திரும்பு’, ‘வலது திரும்பு’. கிழிந்துபோன அட்டைகளுக்குப் பதிலாகக் கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் வானதியே எழுதி வைத்திருந்தாள்.

பூமிகாதான் ரோபோ. எப்போதும் அவள்தான். மற்றவர்கள் ரோபோவாக நின்றால் கொஞ்சம் யோசித்துவிடுவார்கள். அட்டையில் ஒரு திருப்பம் விட்டுப்போயிருந்தாலும் பாட்டில் எங்கே இருக்கிறதோ அங்கே கால் தானாகப் போய்விடும். பூமிகாவின் கால் போகாது. அட்டையில் இருப்பதை மட்டும் செய்வாள்.

ராகுல் குழு அட்டை அடுக்கியிருந்தது. பூமிகா முதல் அட்டையைப் பார்த்து ஓரடி வைத்தாள். இரண்டாவது அட்டைக்கு நின்ற இடத்திலேயே திரும்பினாள். மூன்றாவது அட்டைக்குக் கால் எடுத்தவள், எதிர்க் கட்டத்தில் தடையாக வைத்திருந்த செருப்பைப் பார்த்து நின்று, பிழை என்று கையைத் தூக்கினாள்.

“ஏய், அந்தப் பக்கம் திரும்புடி! இடது பக்கம்!” என்றான் ராகுல்.

“இடது பக்கந்தான் திரும்பியிருக்கேன்.”

“எனக்கு இடது அந்தப் பக்கம்.”

“நீயா நடக்குற? நாந்தானே நடக்குறேன்.”

ரிஃப்கா சிரித்தாள். “டீச்சர், இவன் எதிர்ல உக்காந்துக்கிட்டு அவன் கைய வச்சு இடது வலது பாத்திருக்கான்.”

“அப்ப பிழை ரோபோகிட்டயா, அட்டையிலயா?” என்று வானதி கேட்டாள்.

“ராகுல்கிட்ட!” என்று எட்டுப் பேரும் கத்தினார்கள். ராகுல் எழுந்து வந்து பூமிகாவுக்குப் பின்னால், அவள் பார்க்கும் திசையைப் பார்த்து நின்றுகொண்டான். இடதை எடுத்துவிட்டு வலதை வைத்தான். இந்த முறை அவள் பாட்டிலைத் தொட்டாள்.

இந்த அட்டைகளை ஒரு தொண்டு நிறுவனம் அனுப்பியிருந்தது. பன்னிரண்டு பாடங்களை முடித்துக் காட்டினால் ஐந்து லேப்டாப் தருவதாகச் சொன்னார்கள். அந்தப் பேச்சு குப்பத்தில் வீடு வீடாகப் போயிருந்தது. வேறு பள்ளியில் சேர்த்திருந்த பிள்ளையைக்கூட ஒருத்தர் திரும்பக் கூட்டி வந்துவிட்டார். பதினொரு பாடம் முடிந்துவிட்டது. இன்றைக்குப் பன்னிரண்டாவது.

லேப்டாப் வராது என்று கடிதம் வந்து இருபத்து மூன்று நாளாகிறது. நிதி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டதாம், வருந்துகிறார்களாம், அட்டைகளைப் பள்ளியே வைத்துக்கொள்ளலாமாம். தலைமையாசிரியர் காயாரோகணம் அதைப் படித்துவிட்டு மேஜையின் இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அறையில் அப்போது வானதி மட்டும்தான் இருந்தாள்.

“வெளிய சொல்லாதம்மா,” என்றார். “இப்பவே முப்பத்தொண்ணு பேருதான். இது தெரிஞ்சா நாலு பேரு டி.சி. கேப்பாங்க. எண்ணிக்கை குறைஞ்சா பக்கத்துப் பள்ளிக்கூடத்தோட சேர்த்துடுவாங்க. ஒண்ணாவது, ரெண்டாவது படிக்கிறதெல்லாம் மெயின் ரோட்டைத் தாண்டி மூணு கிலோமீட்டர் நடக்கணும். நான் எனக்காகச் சொல்லல.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் வானதிக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. அன்றைக்குத் தலையாட்டினாள். மறுநாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். மறுநாள் ஐந்தாம் பாடம் இருந்தது, பிள்ளைகள் காலை எட்டரைக்கே வந்து கட்டம் போட்டு வைத்திருந்தார்கள். மூன்று நாள் கழித்து ஆறாம் பாடம்.

சத்துணவு மணி அடித்த நேரத்தில் பூமிகாவின் அப்பா வீரமணி வந்தார். விசைப்படகில் வேலை. காலையிலிருந்து ஐஸ் ஏற்றிய கை சிவந்திருந்தது. சட்டைப் பையில் விடுதியின் தாள் நான்காக மடித்து இருந்தது. தலைமையாசிரியர் அறை வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை.

“வாங்க வீரமணி, உக்காருங்க,” என்றார் காயாரோகணம்.

“இருக்கட்டும் சார், மேலெல்லாம் மீன் கவுச்சி. ரெண்டு மணிக்கு போட் ஏறணும். அஞ்சு நாள் ஆவும் வர.” அவர் சாரைப் பார்க்கவில்லை, வானதியைப் பார்த்தார். “டீச்சர், நீங்கதான் சொல்லணும். இது அங்க போவமாட்டேங்குது. இங்கதான் கம்ப்யூட்டர் வருதே, நான் ஏன் போவணும்னு நைட்டெல்லாம் ஒரே சண்டை. இவ அம்மாவுக்கும் அனுப்ப மனசில்ல. வருதுன்னா சொல்லுங்க, இங்கயே இருக்கட்டும். இல்லன்னா இப்ப ஒண்ணேகால் பஸ்ல நானே இழுத்துக்கிட்டுப் போயிடறேன். இன்னைக்கு போட் போனா போவட்டும்.”

வானதி வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியது ஒரு சொல். அது நாக்கின் மேல் வந்துவிட்டது.

“வரும், வரும்,” என்றார் காயாரோகணம். “இன்னைக்குக் கடைசிப் பாடம். முடிஞ்சதும் எழுதிப் போட வேண்டியதுதான்.”

“டீச்சர்?” என்றார் வீரமணி.

சார் அவளைப் பார்த்தார். வெளியே ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தன் உயரத்துக்குப் பாதி இருக்கும் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தது. வானதி அந்தத் தட்டைப் பார்த்தாள். பிறகு தலையை அசைத்தாள். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படி ஓர் அசைவு. வீரமணி ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

“அப்ப சரி டீச்சர். நீங்க இருக்கீங்க, எனக்கென்ன.”

அவர் போன பிறகு காயாரோகணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஒன்றேகால் பஸ் ஒன்றரைக்கு வந்தது. வழக்கம்போல் தாமதம். அதன் ஹாரன் வராந்தா வரை கேட்டது. வானதி அப்போது தண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். பதினைந்து நிமிடம் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது என்று தோன்றியது. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அவள் கைக்குட்டையைத் தேடினாள். பஸ் கிளம்பிப் போனது.

மூன்று மணிக்குக் கடைசிப் பாடம் தொடங்கியது. புது அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினாள்: ‘____ வரும் வரை திரும்பச் செய்’. கோட்டில் என்ன எழுதுகிறோமோ அது நடக்கும்வரை, கீழே இருக்கும் அட்டைகளை ரோபோ மறுபடி மறுபடி செய்யும்.

“இத்தனை தடவைன்னு எழுதுற அட்டைதான் ஏற்கெனவே இருக்கே டீச்சர்?” என்றாள் ரிஃப்கா.

“எத்தனை தடவைன்னு நமக்கே தெரியலன்னா?”

மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நடுக்கட்டத்தில் செருப்புகளைக் குவித்தார்கள். சுற்றிலும் எட்டுக் கட்டம். நாலு மூலையில் ஏதோ ஒன்றில் தண்ணீர் பாட்டில் இருக்கும். எந்த மூலை என்று அட்டை அடுக்குபவருக்குத் தெரியாது. எங்கே வைத்தாலும் அதே அட்டைகள் வேலை செய்ய வேண்டும். இதுதான் கணக்கு.

ரிஃப்கா கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துவிட்டு நாலே அட்டை வைத்தாள். ‘பாட்டில் வரும் வரை திரும்பச் செய்’. அதன் கீழே ‘ஓரடி முன்னே’, ‘ஓரடி முன்னே’, ‘வலது திரும்பு’. ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு இரண்டு அடி, அங்கே ஒரு திருப்பம், பாட்டில் இருக்கிறதா என்று ஒரு பார்வை. இருந்தால் நிற்கும், இல்லையென்றால் மறுபடி.

பாட்டிலை இரண்டாவது மூலையில் வைத்தார்கள், பூமிகா ஒரே தடவையில் நின்றாள். நான்காவது மூலையில் வைத்தார்கள், மூன்றாம் தடவையில் நின்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். “என் புள்ளைய கம்ப்யூட்டரே பாத்துக் கத்துக்கும்,” என்று ரிஃப்கா பூமிகாவின் கன்னத்தைக் கிள்ளினாள்.

“இன்னொரு தடவ டீச்சர், இன்னொரு தடவ,” என்றாள் பூமிகா. மத்தியானத்திலிருந்து அவள் முகம் மலர்ந்தே இருந்தது. விடுதிக்குப் போகவில்லை என்பதை எல்லாரிடமும் இரண்டு தரம் சொல்லிவிட்டாள்.

மறுபடி நடக்கத் தொடங்கினாள். இரண்டடி, திருப்பம். இரண்டடி, திருப்பம். அவள் முதுகைக் காட்டிய நேரத்தில் ராகுல் பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தான். பாட்டில் அவனுடையது. தாகம் அவனுடையது. குடித்துவிட்டுப் பழக்கத்தில் பையில் வைத்துக்கொண்டான்.

பூமிகா நாலு பக்கமும் சுற்றி, தொடங்கிய மூலைக்கே வந்தாள். அட்டையைப் பார்த்தாள். மறுபடி நடந்தாள்.

பிள்ளைகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “பாட்டில்தான் இல்லையே, நில்லுடி!”

“பாட்டில் வரும் வரைன்னு போட்டிருக்கு,” என்றாள், நடந்துகொண்டே.

“அதான் வராதே!”

“அது ரோபோவுக்கு எப்படித் தெரியும்? எனக்கு யாரு சொன்னா?”

மூன்றாவது முழுச் சுற்று. நான்காவது. இதைப் பாடமாகச் சொல்லலாம் என்று வானதிக்குத் தெரியும். வருவதற்கு வழியே இல்லாத ஒன்றை நிபந்தனையாக வைத்தால் கணினி நிற்காது, அதன் பிழையல்ல, எழுதியவரின் பிழை. புத்தகத்தில் இருப்பதும் இதுதான். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கடிக்க எட்டு நிமிடம். இங்கிருந்து எந்த வண்டியில் போனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வீரமணியின் படகு கரையைத் தாண்டியிருக்கும். இனிமேல் உண்மையைச் சொன்னாலும் பூமிகா இந்தப் பள்ளியை விட்டு அங்கே போக முடியாது. அதனால்தான் இப்போது வாய் திறக்கிறதோ என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு கூசியது.

பூமிகாவின் நெற்றியில் வியர்வை. தலை சுற்றத் தொடங்கியிருக்க வேண்டும், மூலையில் திரும்பும்போது கால் கோட்டை மிதித்தது. ஆனாலும் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டு, இரண்டடி வைத்தாள்.

“நிறுத்து பூமிகா.”

“நிறுத்துன்னு அட்டை இல்லையே டீச்சர்,” என்று அவள் சிரித்தாள்.

வானதி கட்டத்துக்குள் இறங்கி அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள். மற்ற பிள்ளைகள் சிரிப்பை நிறுத்தினார்கள். தலைமையாசிரியர் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

“லேப்டாப் வராது. கடிதம் வந்துடுச்சு. மத்தியானம் உங்க அப்பா வந்து நின்னு கேட்டப்பவும் எனக்குத் தெரியும்.”