ஒரே மூலைக்கு இரண்டு சாரம்

துபாயில் பதினாலு வருடம் சுவர் எழுப்பிவிட்டுத் திருப்பனந்தாளுக்குத் திரும்பிய கொத்தனார் முருகையன் கொண்டுவந்த பெட்டியில் இரண்டு கம்பளியும், திருப்பித் திருப்பி நிறம் சேர்க்கும் ஒரு கியூபும் இருந்தன. அங்கே தொழிலாளர் முகாமில் உடன் தங்கியவன் சொல்லித்தந்த வழியில் அதை இரண்டு நிமிடத்தில் சேர்ப்பார். டீக்கடைக்கு அதுவே மந்திரம். தியாகேசனுக்கு மட்டும் பொறுக்கவில்லை. கடைக்கு எதிரே ஏழு வருடமாக மாடியில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறதே ஒரு வீடு, அதன் சொந்தக்காரர்.

தஞ்சாவூர்க் கல்லூரியில் கியூப் போட்டி வைக்கிறார்களாம், முதல் இரண்டு தடவையில் ஒன்றையாவது ஒரு நிமிடத்துக்குள் முடித்தால்தான் மீதி மூன்று தடவை கிடைக்குமாம், போய்ப் பார்ப்பதுதானே என்றார். அஞ்சையும் ஆடிவிட்டுத்தான் வருவேன் என்று கடை கேட்கச் சொல்லிவிட்டார் முருகையன்.

வீட்டில் மகள் அறிவுமதி, பொறியியல் மூன்றாம் வருடம், இருபத்தைந்து வினாடிக்காரி. அவர் சேர்ப்பதைப் பார்த்துச் சிரித்தாள்.

"மூலைய வச்சு முடிச்சுட்டு, அப்புறம் அதே எடத்துக்கு வந்து மேல விளிம்புத் துண்ட வைக்கிறீங்க. ஒரே மூலைக்கு ரெண்டு தடவ சாரம் கட்டுவீங்களாப்பா?"

கொத்தனாரை இதைவிடக் கேவலமாகத் திட்ட முடியாது. அன்றே மாறினார். வெள்ளைச் சிலுவையை அடியில் போட்டு, மேல் அடுக்கில் மூலைத் துண்டையும் அதன் ஜோடி விளிம்பையும் தேடிச் சேர்த்து, இரண்டையும் ஒன்றாக இறக்க வேண்டும். நான்கு மூலைக்கும் நான்கு ஜோடி. முதல் வாரம் மூன்று நிமிடமானது. முன்னேறப் போய்ப் பின்னேறியவர் ஊரில் இவர் ஒருவர்தான்.

மேல் அடுக்கை மணிக்கட்டால் முறுக்காமல் ஆள்காட்டி விரலால் தட்ட வேண்டும் என்றாள். சிமெண்டில் காய்த்த விரல் தட்டியதில் கியூப் சாம்பார்ச் சட்டியில் விழுந்தது.

"இது கொழா தொறக்குறதில்லப்பா. தட்டுங்க, போதும்."

இரண்டு மாதத்தில் வீட்டில் ஐம்பத்தைந்து வினாடிக்கு வந்துவிட்டார்.

போட்டியில் எதிர்மேசையில் இருந்தவனுக்கு மீசை முளைக்கவில்லை. முதல் தடவை, மூன்றாவது ஜோடி கண்ணில் படவில்லை. கை பழைய வழிக்குத் தாவி மூலையைத் தனியாக வைத்தது. எழுபத்தொரு வினாடி. இரண்டாம் தடவை நான்கு ஜோடியும் வழுக்கிக்கொண்டு இறங்கின. மேல் முகத்து மஞ்சளும் கூடியது. கடைசித் திருப்பம்; விரலால் ஒரு தட்டு; கடிகாரத்தை அடித்தார்.

ஐம்பத்தெட்டு புள்ளி ஒன்பது.

நடுவர் பெண் குனிந்து பார்த்தாள். அவசரத் தட்டில் மேல் அடுக்கு பாதிகூடத் திரும்பாமல் கோணலாக நின்றது. இரண்டு வினாடி அபராதம், அங்கிள் என்றாள் மெதுவாக. அறுபது புள்ளி ஒன்பது. மீதி மூன்று தடவை போயிற்று.

மறுநாள் டீக்கடையில் தியாகேசன் காத்திருந்தார்.

"என்ன மேஸ்திரி, அஞ்சும் ஆடியாச்சா?"

முருகையன் கிளாசை வாங்கி ஊதிக் குடித்தார்.

"ரெண்டுதாங்க. மேல் அடுக்கு ரெண்டு வினாடிக்குச் சாஞ்சு போச்சு." எதிரே நீட்டி நின்ற கம்பிகளை அண்ணாந்து பார்த்தார். "ஏழு வருசமெல்லாம் ஆவலீங்க."