எழுபத்தாறு புள்ளி

மகள் டெல்லா வேலை நிமித்தமாக சொந்த ஊரான லான்செஸ்டனுக்கே திரும்பி வந்து பெற்றோருடன் தங்கிய மூன்றாம் வாரம், பாத்திரம் யார் கழுவுவது என்று வீட்டில் பெரிய சண்டை. மறுநாள் காலை அவள் மூன்று தாளோடு வந்தாள்.

"ஆளுக்கு நூறு புள்ளி. அஞ்சு வேலை. எது அதிகமா பிடிக்கலையோ அதுக்கு அதிகப் புள்ளி போடுங்க. ஒரு வேலைக்கு யார் கம்மியா போட்டிருக்காங்களோ, அது அவங்களுக்கு. எட்டிப் பாக்கக் கூடாது."

அப்பா ராஸ் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். சமையல் என்றால் மனைவி நோலீனுக்கு உயிர். அவள் அதற்கு பூஜ்யம்தான் போடுவாள். அதில் புள்ளியை வீணாக்குவானேன்? சமையலுக்கு ஐந்தே ஐந்து வைத்தான். கழிவறைக்கு முப்பது, பாத்திரத்துக்கு முப்பது, துணிக்கு இருபத்தைந்து, புல்வெட்டுக்குப் பத்து. கச்சிதமான கணக்கு.

டெல்லா தாள்களை விரித்தாள்.

"அம்மா... சமையலுக்கு எழுபத்தாறா?"

ராஸ் தாளைப் பிடுங்கிப் பார்த்தான். நோலீனின் கையெழுத்துதான். கழிவறைக்கு வெறும் இரண்டு. புல்வெட்டுக்கு நான்கு.

"கழிவறைப் புள்ளியை சமையலுக்கு மாத்திப் போட்டுட்டியா?" என்றான். குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது.

"இல்ல."

"இருபத்தாறு வருஷமா சமைச்சிட்டிருக்கியே! உனக்குப் பிடிக்கும்னுதானே..."

"பிடிக்கும்னு நீதான் எல்லார்கிட்டயும் சொன்ன. கிறிஸ்துமஸுக்கு உன் தங்கச்சிங்க எல்லாம் கை கழுவிட்டு உக்காருவாங்க, நான் அடுப்பு முன்னாடி நிப்பேன். என்னை யாராவது கேட்டீங்களா?"

அவள் சுட்ட ஆட்டுக்கறி, அவள் பிசைந்த மாவு, வாய்விட்டுப் புகழ்ந்த ஒவ்வொரு ஞாயிறும் அவன் கண்முன் வந்து போயின. அத்தனை நாளும் இந்த முகத்தைத்தான் பார்த்தானா?

டெல்லா மெல்லக் கணக்குச் சொன்னாள். சமையலுக்குக் குறைவாக வைத்தவர் அப்பா, ஐந்து. பாத்திரமும் துணியும் தனக்கு, ஆறும் ஒன்பதும். கழிவறையும் புல்லும் அம்மாவுக்கு.

"இது செல்லாது," என்றான் ராஸ். "நான் உண்மையா போடல. உங்கம்மா பூஜ்யம் போடுவான்னு நெனச்சு..."

"ஏமாத்தப் பாத்தீங்களா அப்பா?"

ஆமாம் என்று தலையசைத்தான். உண்மையாக வைத்திருந்தால் சமையலுக்கு எவ்வளவு? "நாப்பதாவது வச்சிருப்பேன்," என்றான். அப்படியே ஆனாலும் எழுபத்தாறை எட்டாதே என்று நினைத்துக்கொண்டான்.

"மறுபடி போடணுமா?" என்று கேட்டாள் டெல்லா. "அப்பா நாப்பது வச்சா சமையல் எனக்கு வந்துடும். நான் இருபத்தஞ்சு."

ராஸ் நோலீனின் முகத்தைப் பார்த்தான்.

"வேண்டாம்," என்றான். "என் தாள் இப்படியே இருக்கட்டும். மூணு மாசம் நான்தான் சமைக்கிறேன்."

நோலீன் புல்வெட்டும் இயந்திரத்தின் சாவி எங்கே என்று கேட்டாள். அதற்குச் சாவி கிடையாது, இழுத்துக் கிளப்பும் கயிறுதான், என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தவன், உருளைக்கிழங்கை எவ்வளவு நேரம் வேகவைக்க வேண்டும் என்று மகளிடம் கேட்டான். அன்று இரவு கிழங்கு நடுவில் வேகாமல் கிடந்தது. நோலீன் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள்.