குடைச்சல்

“அய்யாவுக்கு வலி எவ்வளவு இருக்கும்னு நீ நெனைக்கிற?” என்று ஆசியா சிஸ்டர் என்னைத்தான் கேட்டார்.

வீட்டுக்கு வருகிறவர்கள் என்னிடம் தண்ணீர் கேட்பார்கள், அண்ணன் எங்கே என்று கேட்பார்கள். ஒன்பதாவதோடு நின்றுவிட்ட பெண்ணிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. பத்து விரலையும் விரித்துக் காட்டினேன்.

சிஸ்டர், தீராத நோய்க்காரர்களின் வலியைக் குறைக்கும் ஆதரவு சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். அதற்கென்று தனியாக ஒரு படிப்பும் படித்துக்கொண்டிருந்தார். ஒரு நோயாளியைத் தொடர்ந்து பார்த்து, வலியை அளந்து, செய்ததை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். பாபநாசம் பக்கத்தில் எங்கள் அப்பா கண்ணுசாமி அவருக்குக் கிடைத்தார்.

“வலி இல்லைங்க” என்றார் அப்பா, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு.

“வலி இல்ல சிஸ்டர், குடைச்சல்” என்றேன். “அடிபட்டாத்தான் அப்பா வலின்னு சொல்லுவாங்க.”

“அட, இதைச் சொல்ல ஒரு ஆள் வேணும்ல” என்று சிரித்தார். “அய்யா, குடைச்சல் சுத்தமா இல்லன்னா பூஜ்யம். தாங்கவே முடியாதுன்னா பத்து. இப்ப எவ்வளவு?”

“ஒம்போதும்மா.”

சிஸ்டரின் சிரிப்பு நின்றது. புற்று இடுப்பெலும்புக்குப் பரவியிருந்தாலும், போன முறை அவர் வந்தபோது எழுந்து உட்கார்ந்து இட்லி தின்றவர் அப்பா.

“மார்ஃபின் மாத்திரை நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா போகுதா?”

“அண்ணன்தான் குடுக்குது” என்றேன்.

“எங்கம்மா?” என்றார் அப்பா. “மாத்திரைதான் வரலையே. ஸ்டாக் இல்லன்னு சொல்லிட்டாங்களாமே. கையெழுத்து வேலை முடிஞ்சதும் தஞ்சாவூர் போயி வாங்கியாறேன்னான் பெருமாளு.”

“நான்தானே அய்யா கொண்டாந்து அவர் கையில குடுத்தேன்.”

போதை மருந்து, வீட்டில் கண்ட இடத்தில் கிடக்கக் கூடாது, நானே கொடுக்கிறேன் என்று, போன முறை வந்த மாத்திரையை வாங்கிக்கொண்டது அண்ணன். ராத்திரியும் அதுவே பக்கத்தில் படுத்துக்கொண்டது. அப்பா முனகினால், நோய் முற்றிவிட்டது, இனிமேல் மருந்து கேட்காது என்று என்னிடம் சொன்னது. நான் அதை நம்பி, நாற்றுப் பறிக்கப் போனேன். இப்படி ஒரு அண்ணன் யாருக்கு வாய்க்கும் என்று கூட வந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னேன்.

கையெழுத்து எதற்கு என்று ஊருக்கே தெரியும். விவசாயச் சங்கக் கொடி பிடித்து, அடி வாங்கி, அப்பா தன் பேரில் பதிந்துகொண்ட குத்தகை நிலம். அதை விட்டுக்கொடுத்தால் நிலத்துச் சொந்தக்காரர்களான பண்ணை வீட்டார் மனை போட்டு விற்பார்கள், அண்ணனுக்கும் ஒரு பங்கு. பையன் பிழைத்துப் போகட்டும் என்று அப்பாவும் தலையாட்டியிருந்தார். மறுநாள் அதிகாரி வீட்டுக்கே வந்து சம்மதமா என்று கேட்பதாக ஏற்பாடு.

அண்ணன் இளையபெருமாள் வண்டியை நிறுத்திவிட்டு வந்தது. சிஸ்டர் சத்தம் போடவில்லை. பாயில் உட்காரச் சொல்லி, தானும் எதிரில் உட்கார்ந்தார்.

“மாத்திரையப் பத்தி உங்களுக்கு என்ன பயம்?”

அண்ணன் தரையைப் பார்த்தது. “அது மயக்கம்ங்க. நெனவு தப்பி கையெழுத்துப் போட்டாருன்னு நாளைக்குக் கேஸு போடுவாங்க.”

“ஆரம்பத்துல ரெண்டு மூணு நாள் தூக்கம் இருக்கும். அப்புறம் தெளிஞ்சிரும். சரியான அளவுல குடுத்தா புத்தி எங்கேயும் போகாது. வலியிலதான் மனுசனுக்கு எதுவும் ஓடாது. மாத்திரை எங்க?”

அண்ணன் வண்டிப் பெட்டியிலிருந்து எடுத்துவந்து வைத்தது. அட்டை பிரிக்காமல் இருந்தது.

இடையில் நின்றுபோனதால் எந்த அளவில் தொடங்குவது என்று சிஸ்டர் டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு, குறைத்தே ஒன்று கொடுத்தார். மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து விடாமல் கொடு என்றார். அப்பாவை மெல்ல ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைக்கக் கற்றுக்கொடுத்தார். நனைத்த துணியால் அப்பாவின் காய்ந்த உதட்டை நான் துடைத்தேன். அரைமணி நேரத்துக்கு மேலே ஆனபோது அவர் நெற்றிச் சுருக்கம் விட்டது.

“இப்ப எவ்வளவு அய்யா?”

“அஞ்சு.” கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்: “இது ஆறாதில்லம்மா?”

சிஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்களுக்கு எப்படித் தோணுது?”

“ஆறாதுன்னுதான்.”

“ஆமாங்கய்யா. நோய் ஆறாது. குடைச்சலை அடக்கலாம். அதுக்கு நான் வந்துகிட்டே இருப்பேன்.”

அப்பா தலையை அசைத்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

“பக்கத்துலயேதானய்யா படுத்திருந்த?”

அண்ணன் வண்டிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தது.

“அந்த ஆபீசரை ரெண்டு மூணு நாள் கழிச்சு வரச்சொல்லு. சிஸ்டரம்மா சொல்லுற மாதிரி தெளிஞ்சிருப்பேன். சம்மதம் இல்லன்னு தெளிவாச் சொல்லிடுறேன்.”

அண்ணன் என்னைப் பார்த்தது, ஏதாவது சொல்லேன் என்பதுபோல. நான் துணியை மறுபடி நனைத்தேன். அண்ணன் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, வெளியே போய் வண்டியை எடுத்தது.