ரெண்டு பண்ணைக்கும் ஒரே கணக்கு

மச்சான் வேனை வாசலில் நிறுத்தியதோடு விட்டாரா, ஹாரனை வேறு அடித்தார். தங்கச்சியைப் புருஷன் வீட்டிலிருந்து கூட்டிப்போக வந்த மனுஷனுக்கு அப்படி என்ன அவசரமோ!

அந்தப் புருஷன், லிஃப்ட் மெக்கானிக், காதில் அது விழுந்ததா என்பதே சந்தேகம். கொஞ்ச நாளாகவே அவனுக்கு எதுவும் உறைப்பதில்லை. சோறு சோறாக இருந்தது, வேலை வேலையாக இருந்தது, அவ்வளவுதான். பிரிவதென்று ஆனபின் சாமானைப் பங்கு போட்டதும் சத்தமில்லாமல் முடிந்துவிட்டது. கூடத்து டிவியும் அதில் மாட்டி விளையாடுகிற கன்சோல் பெட்டியும் அவனுக்கு, உள்ளறைக் கம்ப்யூட்டர் அவளுக்கு.

ஒன்றே ஒன்றில்தான் அவனுக்கு நப்பாசை மிச்சமிருந்தது. கன்சோலில் ரெண்டு பேரும் சேர்ந்து ஆடிய பண்ணை விளையாட்டு. ஆளுக்கொரு ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து, பூசணி நட்டு, மாடு வாங்கி, "தண்ணி ஊத்துடா சோம்பேறி" என்று அவளிடம் திட்டு வாங்கிய பண்ணை. அது அவள் கம்ப்யூட்டரிலும் இருந்தால், எங்கே போனாலும் அதற்குள்ளாவது அவள் வந்துபோவாள். பைத்தியக்கார ஆசைதான். ஆனால் வேறு ஆசையே இல்லாதவனுக்கு அதுவே பெரிசு.

"பண்ணைய இதுலயும் ஏத்தித் தர்றேன்" என்றான்.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றாள் அவள், தலையணை உறையை மடித்தபடி.

"இன்னொரு தடவை காசு கட்டணுமா மாப்ளே?" மச்சான் உள்ளே வந்து பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"வேணாம் மச்சான். எல்லா விளையாட்டுக்கும் கிடையாது, இதுக்கு உண்டு. அந்த ஆன்லைன் கடையில ஒரு தடவை வாங்குனா கன்சோலுக்கும் கம்ப்யூட்டருக்கும் சேர்த்துக் குடுத்துருவான். என் கணக்குல வாங்குனது. இதுல அந்தக் கணக்கு இருக்கற வரைக்கும் திறக்கும். நான் எடுக்க மாட்டேன்."

"அப்ப ஆடுன ஆட்டமும் தன்னால வந்துருமா?"

"அது வேற கதை. வாங்குனது கடைக்காரன்கிட்ட இருக்கு. ஆடுனது விளையாட்டு செஞ்ச கம்பெனிக்காரன்கிட்ட இருக்கு. ரெண்டு பெட்டியிலயும் அவனோட ஒரே கணக்குல நுழைஞ்சாதான், இங்க விட்ட இடத்துலேர்ந்து அங்க ஆடலாம். கன்சோல்ல அப்பவே நுழைஞ்சாச்சு. இதுலதான் பாக்கி."

"வீட்டுச் சாவி வேற, உள்ள இருக்கற சாமான் வேறங்கறே."

"அதேதான்."

விளையாட்டு ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இறங்கியிருந்தது. இன்றைக்காகத்தான் இறக்கி வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான், பாவி. மெயிலைத் தட்டினான், பாஸ்வேர்டைத் தட்டினான்.

திரை ஒரு கேள்வி கேட்டது. கணக்கில் ஒரு ஆட்டம் இருக்கிறது, இந்தக் கம்ப்யூட்டரில் ஒரு ஆட்டம் இருக்கிறது. ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். மற்றது அழிந்துவிடும், திரும்ப வராது.

கணக்கில் இருந்தது, விளையாட்டுக்குள் ஓடும் காலண்டர்படி, இரண்டாம் வருஷத்து இலையுதிர்காலம். கடைசியாக ஆடியது போன மழைக்காலத்தில். கம்ப்யூட்டரில் இருந்ததோ மூன்றாம் வருஷத்துக் குளிர்காலம். கடைசியாக ஆடியது நேற்று.

அவன் அதை மறுபடி படித்தான்.

"இது யாரு ஆடுனது?"

"நான்தான். நீ நைட் டூட்டி போறப்போ."

"தனியாவா? முதல்லேர்ந்தா?"

"ம்."

அவர்களுடைய பண்ணையைவிட அவள் ஒருத்தியாக ஆடிய பண்ணை ஒரு வருஷத்துக்கும் மேல் முன்னால் போயிருந்தது. வேன் இன்றைக்குத்தான் வந்தது. அவள் எப்போதோ போய்விட்டாள்.

"நான் நம்ம பண்ணையத் தொடவே இல்ல தெரியுமா?" என்றான். "நீ வந்தா சேர்ந்து ஆடலாம்னு அப்படியே வச்சிருந்தேன்."

"தெரியும்" என்றாள். "உன்னோடதையே வச்சுக்க. என்னோடது போனாப் போகுது" என்றாள். சொன்னாளே தவிர, அவள் கண் திரையை விட்டு நகரவில்லை.

"அட, எதையாச்சும் ஒண்ணை அமுக்கித் தொலைங்கப்பா, வேனுக்கு வாடகை ஏறுது" என்றார் மச்சான்.

பழையதை அமுக்கினால் அவள் பாடுபட்டதெல்லாம் போச்சு. புதியதை அமுக்கினால் கணக்கிலிருப்பதும் இதுவாகிவிடும். கூடத்துக் கன்சோலைத் திறந்தால் அங்கேயும் அவள் தனிப் பண்ணைதான் நிற்கும். இத்தனை நாள் அவனுக்குள் மரத்துக் கிடந்தது மெல்ல வலிக்க ஆரம்பித்தது.

இரண்டு பொத்தானுக்கும் கீழே சின்னதாக 'ரத்து' என்றிருந்தது. அதை அமுக்கினான்.

"என்ன பண்ணுனே?" என்றாள்.

"சேர்க்கல. சேர்க்காம விட்டா ரெண்டும் அழியாது. உன்னோடது உன்கிட்ட இருக்கட்டும், நாம ஆடுனது என்கிட்ட இருக்கட்டும்."

அவன் கம்ப்யூட்டரை அணைத்தான், வயர்களைப் பிடுங்கிச் சுற்றினான், யாரையும் தொடவிடாமல் தானே தூக்கிக்கொண்டு போய் வேனில் வைத்தான்.