டேட்டா சேவர் வைத்த பொட்டு

பனியன் கம்பெனி செக்கிங்கில், பழுதுள்ள இடத்தைக் காட்டச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவதும், பழுதில்லாத பீஸை 'பாஸ்' செய்வதும்தான் வேல்விழியின் வேலை. சாப்பாட்டு நேரத்தில் அவள் போட்ட குத்தாட்டத்தைத் தோழி விஜயராணி படம்பிடித்து ரீல்ஸில் ஏற்றியிருந்தாள். தினம் ஒரு ஜிபி போதாத வேல்விழியின் போனில் எப்போதும் டேட்டா சேவர்தான். வீடியோ மங்கலாக ஓடினாலும் நெற்றிப் பொட்டு எடுப்பாக இருந்தது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ஏட்டி, எல்லாரும் 'அம்பு சூப்பர்'னு கமெண்ட் போடுதாங்க. எந்த அம்பு?"

"டேட்டா சேவர அணைச்சிட்டுப் பாருட்டி!" விஜயராணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அணைத்துவிட்டு மறுபடி ஓடவிட்டாள். படம் பளிச்சென்று வந்தது. காலையில் வைத்த பொட்டு எங்கோ விழுந்திருக்க, அந்த இடத்தில் ஒட்டியிருந்த சிவப்பு அம்பு நேராக அவள் மூக்கைக் காட்டியது.

விழுந்து விழுந்து சிரித்த வேல்விழி, டேட்டா சேவரைத் திரும்பப் போட்டாள். அம்பு மங்கி மறுபடி பொட்டானது.

"இப்போ பீஸ் பாஸ்!"