கஞ்சித் துணி

குடியாத்தத்துக்கு வாழ வந்த புதிதிலேயே என் மாமியார் தாயாரம்மாள் எனக்கு ஒரு வார்த்தையைத் தடை செய்துவிட்டாள். நான் ‘ச்சீ’ என்று சொல்லக் கூடாது. “நெசவுக்காரன் வூட்ல இன்னாடி ச்சீ? கஞ்சி நாறும், சாயம் நாறும். அதுலதான் சோறு துன்றோம். ச்சீங்கறதுக்கு நீ இன்னா ஜமீன் வூட்டுப் பொண்ணா?” என்றாள்.

ஜமீன் வீட்டுப் பெண் இல்லைதான். காவேரிப்பாக்கத்தில் எங்கப்பா தறியை விட்டுவிட்டு மளிகைக் கடை வைத்தவர். அரிசியில் வண்டு விழுந்தால்கூட எனக்கு உடம்பு கூசும். அப்படிப்பட்டவளுக்கு அந்த ஐப்பசி மழையில் வாய்த்த வேலை ஜன்னலில் பூசணம் துடைப்பது. என் தலையெழுத்தைப் பாருங்கள்!

அந்த வருஷம் மழை நிற்கிற மழையாக இல்லை. கவுண்டன்ய ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்து கூரை ஓடுகளை அடித்துக்கொண்டே இருந்தது. துணி காயவில்லை, விறகு காயவில்லை, தலைமுடி காயவில்லை. தறி இருந்த முன்கூடத்தில் ஒரே ஒரு ஜன்னல். இரண்டு கதவுள்ள மரஜன்னல். சாரலுக்குப் பயந்து அதை மூடியே வைத்திருந்தோம். பத்தாததற்கு, தெருவில் பாவு நூலை நீளமாக விரித்துக் கஞ்சி போட முடியாததால், நூல் சிட்டங்களை வீட்டுக்குள்ளேயே கஞ்சியில் முக்கிப் பிழிந்து கழியில் தொங்கவிட்டிருந்தார்கள். கூடம் முழுக்கப் புளித்த வாடை. வாயைத் திறந்து மூச்சு விட்டால் நாக்கில் ஒட்டும்.

முதலில் ஜன்னல் சட்டத்தின் மூலையில் சாம்பல் தூவினதுபோல வந்தது. அப்புறம் பச்சையாக, கறுப்பாக, ரோமம் முளைத்த மாதிரி. விரல் பட்டால் கொழகொழவென்றிருந்தது. வாசல் கதவின் அடிப்பலகையைக் கேட்கவே வேண்டாம். கதவைத் திறந்தால் தரையில் கறுப்பாக ஒரு வளைவு இழுத்துக்கொண்டே வரும். அதை மிதித்துவிட்டுப் போய்த்தான் நான் சமைக்க வேண்டும். சாப்பிடும்போது கால்விரல் இடுக்கில் அது இருக்கிறதென்ற நினைப்பே வரும், சோறு இறங்காது.

“துடை” என்றாள் மாமியார். தறிக்குப் பக்கத்து ஆணியில் ஒரு பழைய துணி தொங்கும். அதைக் காட்டினாள். “அதால துடை. துணியப் பாழாக்காத. வூட்டுக்கு ஒரு துணி போதும்.”

துடைத்தேன். மறுநாள் வந்தது. மறுபடியும் துடைத்தேன். இன்னும் அகலமாக வந்தது. மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு துடைத்தேன், குமட்டலை விழுங்கிக்கொண்டு துடைத்தேன். சனியன், நான் துடைக்கத் துடைக்க ரோஷத்தோடு முளைத்தது.

இதற்கு நடுவில் ஜன்னலுக்குப் பக்கத்தில் நெய்து மடித்து வைத்திருந்த கைலிகளில் கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டது. பர்மாவுக்குச் சரக்கு அனுப்பும் அப்துல் ஹமீத் சாயபு அவற்றை விரித்துப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா இது, அம்மை போட்டாப்பல கீது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் தெருவைத் தாண்டுவதற்குள் மாமியார் என் பக்கம் திரும்பினாள்.

“நீ காலெடுத்து வெச்சதுலருந்து இந்தக் கருமம். இத்தினி வருஷம் இந்த ஜன்னல்ல ஒரு புள்ளி கெடையாது. தலைதீவாளிக்கு உங்கண்ணன் கூட்டினு போக வர்றான் இல்ல? நீ மட்டும் போ. எம் பையன் வரமாட்டான். ஒரு வூட்ட எப்டி சுத்தமா வெக்கறதுன்னு உங்கம்மாகிட்ட கத்துக்கினு, அப்பறமா வா. அதுவரைக்கும் அங்கயே கெட.”

என் புருஷன் தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். தறியில் குறுக்கே ஓடும் நாடா ஒரு நிமிஷம் நின்றது, மறுபடி ஓடியது. அம்மாவை எதிர்த்து ஒரு சொல் பேசாத மனுஷன். நல்லவர்தான், ஆனால் அந்த நேரத்துக்கு அந்த நல்லதனம் எனக்கு எதற்கு?

தலைதீபாவளிக்குப் புருஷன் இல்லாமல் போய் நிற்பதைவிடக் கேவலம் உண்டா? மாப்பிள்ளைக்கென்று எங்கப்பா வேட்டி எடுத்து வைத்திருப்பார். எங்கள் தெருவே வந்து, “மாப்ளே எங்க?” என்று கேட்கும். “ஜன்னல்ல பூசணம், அதனால வரல” என்றா சொல்வேன்? பூசணம் பிடித்தது ஜன்னலுக்கில்லை, எனக்குத்தான் என்று பேசிவிடுவார்கள். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

அந்த ஆத்திரத்தோடு கொல்லைப் பக்கம் போனேன். கொல்லைக் கதவைத் தள்ளும்போதுதான் கண்ணில் பட்டது. அதன் அடிப்பலகை சுத்தமாக இருந்தது. சாரலும் சேறும் முழுக்க அடிப்பது அந்தக் கதவில்தான். வாசல் கதவைவிட அதுதான் அதிகம் நனையும். அதிலும் முதலில் பூசணம் வந்ததுதான். ஆனால் அந்தக் கதவை நான் என் இஷ்டப்படி சுத்தம் செய்திருந்தேன். அப்பா கடையிலிருந்து வந்த சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, என் கிழிந்த புடவைத் துண்டால் துடைத்திருந்தேன். கூடத்தில் சோடாவைச் சேர்க்க மாமியார் விடமாட்டாள், சாய நூலில் பட்டால் வெளுத்துவிடுமாம். ஆணித் துணியைக் கொல்லைக்கு எடுத்துப் போகவும் விடமாட்டாள். அதனால்தான் என் துண்டு.

அப்படியென்றால் அந்த ஆணித் துணிக்கு என்ன?

போய் அதை ஆணியிலிருந்து எடுத்தேன். அது தொங்கின வடிவத்திலேயே விறைத்து நின்றது, பொரிக்காத அப்பளம் மாதிரி. ஓரங்களைக் கரப்பான் அரித்திருந்தது. மடிப்பைப் பிரித்தேன். உள்ளே அதே பச்சை, அதே கறுப்பு, அதே ரோமம். ஒரு முனையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தேன். வெள்ளையாக, வழவழவென்று ஒழுகியது. கஞ்சி!

சிட்டம் பிழியும்போது சிந்தும் கஞ்சியை அந்தத் துணியால்தான் துடைப்பார்கள். கஞ்சிக் கையை அதில்தான் துடைப்பார்கள். பழங்கஞ்சியை மூடி வைத்து மறந்தால் அதன்மேல் என்ன முளைக்கும் என்று எந்தப் பெண்ணுக்குத் தெரியாது? துடைக்கிறேன் துடைக்கிறேன் என்று நான் அந்தப் பூசணத்துக்குத் தினமும் சோறு பூசிவிட்டு வந்திருக்கிறேன். அதையும் மூக்கைக் கட்டிக்கொண்டு செய்திருக்கிறேன்.

விரிஞ்சிபுரத்தில் ஒரு வளைகாப்புக்கு மாமியார் போன அன்று வேலையை ஆரம்பித்தேன். “அந்த நூல் கழியக் கொஞ்சம் உள்ள தள்ளி வெக்கிறீங்களா?” என்றேன் என் புருஷனிடம்.

“இன்னா பண்ணப் போற?”

“பாதி ஜன்னல் அத்தை சொன்னாப்பல. பாதி ஜன்னல் நான் சொன்னாப்பல.”

“அம்மா கேட்டா?”

“கேக்கட்டும். எப்டியும் போறது நான்தானே?”

அவர் எழுந்து வந்து நூல் முழுவதையும் மறுகோடிக்கு நகர்த்தினார். இடதுபக்கக் கதவையும் சட்டத்தையும் ஆணித் துணியால் வழக்கம்போல் துடைத்தேன். வலதுபக்கத்தை முதலில் ஈரத்துணியால் ஒற்றி நனைத்தேன். காய்ந்த மேனிக்குச் சுரண்டினால் அந்தத் தூள் கூடமெல்லாம் பறந்து தும்மல் பிடிக்கும். அப்புறம் சோடா வெந்நீர், நார், மூட்டு இடுக்குகளுக்கு வேப்பங்குச்சி. குச்சி நுனியில் சுருண்டு வந்ததைப் பார்த்து இரண்டு முறை வாசலுக்கு ஓடித் துப்பினேன். நல்ல தண்ணீரில் அலசி, உலர்ந்த துணியால் ஒற்றி, கரி அடுப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்து, மரம் வெளுத்துக் காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அதே மாதிரி வாசல் கதவின் ஒரு பலகையையும் செய்தேன். கதவுக்கு அடிவிளிம்பு ஒன்று உண்டே, அங்கேதான் தண்ணீர் குடிக்கிறது. அவர் கடப்பாரையால் கதவை நெம்பித் தூக்கிப் பிடித்தார், நான் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு அடியைத் தேய்த்தேன். அன்றையிலிருந்து மழை விடும்போதெல்லாம் ஜன்னலைத் திறந்துவைத்தேன். இடதுபக்கத்துக்குத் தினமும் ஆணித் துணி, வலதுபக்கத்துக்கு உலர்ந்த துண்டு. மாமியார் திரும்பி வந்து என்னைத் துணியும் கையுமாகப் பார்த்தாள், “துடைச்சிக் கிழிச்ச” என்றதோடு சரி, ஜன்னல் பக்கம் போகவில்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் காலையில் அண்ணன் நந்தகோபால் சொட்டச் சொட்ட நனைந்து வந்து சேர்ந்தான். உட்காரக்கூடச் சொல்லாமல் மாமியார் ஆரம்பித்தாள். “வாப்பா. ஒந்தங்கச்சிய மட்டும் கூட்டினு போ. அந்த ஜன்னலப் பாரு, அதான் அவ லட்சணம்.”

“ஆமா, பாருங்க அத்தே” என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனேன். அதுவரை அவளை நான் தொட்டதுகூட இல்லை. இடது கதவில் பூசணம் கம்பளிபோல் படர்ந்திருந்தது. வலது கதவில் மரத்தின் ரேகை தெரிந்தது.

“ஒரே ஜன்னல், ஒரே மழை. இந்தப் பக்கம் உங்க துணி, அந்தப் பக்கம் எந்துணி. தொட்டுப் பாருங்க.”

தொட்டாள். வலதைத் தொட்டாள், இடதைத் தொட்டாள். “சோடா போட்டியா?” என்று ஆரம்பித்தவளை நான் முடிக்க விடவில்லை. ஆணியிலிருந்து துணியை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

“இதுல இருக்கிறது கஞ்சி. இதத்தான் ஜன்னலுக்கு ஊட்டிக்கினு இருந்தேன், நீங்க சொன்னீங்கன்னு. மோந்து பாருங்க.”

“நெசவுக்காரிக்குக் கஞ்சி வாசனை புதுசா?” என்று வீம்பாக மடிப்பைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனாள். உள்ளிருந்து ஒரு கரப்பான் குதித்து அவள் புறங்கையில் ஏறி, முழங்கைவரை ஓடியது. துணி அவள் உள்ளங்கையில் கொழகொழவென்று ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

“ச்சீ!” என்று அலறினாள் தாயாரம்மாள்.

துணி தரையில் கிடந்தது. அவள் கையை உதறினாள், புடவையில் துடைத்தாள், புடவையையும் பார்த்து முகம் சுளித்தாள். அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தறிக்குழியிலிருந்து என் புருஷன் எழுந்து வெளியே வந்தார்.

“அம்மா, என் துணிமணி எங்க கீது? நானும் கெளம்பறேன்.”

அவள் அவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. “பொட்டியிலதான் கீது. போறதுன்னா சீக்கிரம் போங்க, வண்டி போய்டும்” என்று சொல்லிவிட்டுக் கை கழுவக் கொல்லைக்குப் போனாள். அங்கே அவள் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ரொம்ப இல்லை.

தீபாவளி முடிந்து நாங்கள் திரும்பியபோது ஜன்னலின் இடதுபக்கமும் வெளுத்திருந்தது. பழைய ஆணிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு ஆணி. இரண்டிலும் துவைத்த துணி.

“இது கஞ்சிக்கு, இது ஜன்னலுக்கு” என்றாள் மாமியார், என்னமோ அவள் பாட்டி காலத்திலிருந்தே அப்படித்தான் என்பதுபோல. “மாத்தி எடுத்தேன்னு வெச்சுக்கோ, கைய ஒடிச்சிடுவேன்.”

நான் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு உள்ளே நகர்ந்தேன். அவள் வாசல் கதவடியில் குனிந்து எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏ அமிர்தவல்லி, இங்க வாடி. ச்சீ, இந்த மூலையில பாரு. சோடாவை எடுத்துனு வா.”