பதினாறு போகி

என் தம்பி தேவானந்தத்தின் பிழைப்பைக் கெடுத்தது யார் என்று சித்தூர் சபையில் யாராவது கேட்டால், நான்தான் என்று சொல்லிவிடுவேன். எதற்கு மறைக்க வேண்டும்? மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டால் ஒருத்தியாவது வாயை மூடிக்கொள்வாள்.

என் பெயர் கிருபாபாய். மிஷன் பெண்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். தேவானந்தம் பன்னிரண்டு வயதில் மதராசுக்கு ஓடிப்போய், துரைமார் கோல்ஃப் ஆடும் ஒரு கிளப்பில் அவர்களுடைய மட்டைப் பை தூக்கினான். பதினேழு வருஷம் தூக்கினான். தூக்கிக்கொண்டே ஆடவும் கற்றுக்கொண்டான். 1935ல் அந்தக் கிளப்பில் துரைமாருக்கு ஆட்டம் சொல்லிக் கொடுக்கும் வேலை காலியானது. பை தூக்குகிறவர்களில் ஏழு பேருக்குப் போட்டி. புதன்கிழமை ஒரு சுற்று, வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு இன்னொரு சுற்று. இரண்டையும் சேர்த்து யார் முதலில் வருகிறானோ அவனுக்கே வேலை என்று அறிவித்தார்கள். இவனுக்கு எழுத்து வராது. யாரையோ பிடித்து ஒரு கார்டு எழுதி அனுப்பியிருந்தான். "அக்கா, ஜெபம் பண்ணு. இது போச்சுன்னா சாவற வரைக்கும் நான் பை தூக்கறவன்தான்."

ஜெபம் பண்ணினேன். சும்மா இருக்கிற ஜென்மமா நான், கூடவே இன்னொன்றும் பண்ணினேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் பியூன் வேலை காலியாக இருந்தது. காலில் விழாத குறையாக அமெரிக்கப் பாதிரியாரிடம் கேட்டேன். "வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆள் நேரில் வர வேண்டும், வராவிட்டால் வேறு ஆள்" என்று சொல்லிவிட்டு அவர் புங்கனூர்ப் பக்கம் முகாமுக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் பாதிரியார் பங்களாவின் சமையற்காரர் ஏசுரத்தினம், மதராஸ் இங்கிலீஷ் பேப்பரைக் கையில் பிடித்தபடி பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார்.

"டீச்சரம்மா, தம்பி பேரு அச்சுல வந்துகீது."

வாங்கிப் படித்தேன். நாலே வரி. சித்தூர் தேவானந்தம் பதினாறு குழிகளில் போகி ஆடினான், மற்ற இரண்டில் பேர்டி எடுத்தான், முழு எண்ணிக்கை இரண்டாம் சுற்று முடிந்ததும் வெளிவரும் என்று இருந்தது. எனக்குத் தெரிந்த போகி இரண்டுதான். ஒன்று பொங்கலுக்கு முந்தின நாள், இன்னொன்று ரேணிகுண்டாவில் ரயிலில் கோர்ப்பது.

"இது நல்லதா கெட்டதா? சட்டுன்னு சொல்லுங்க," என்றேன். ஏசுரத்தினம் கோடைகாலத்தில் பாதிரியாரோடு கோடைக்கானல் போகிறவர். அங்கே பாதிரியார் கோல்ஃப் ஆடும்போது கூடவே நடப்பவர்.

"நிதானமா கேளுங்க. ஒவ்வொரு குழிக்கும் ஒரு கணக்கு கீது. கிட்டத்துல கீற குழின்னா மட்டையால மூணு அடி. தூரம்னா நாலு. ரொம்ப தூரம்னா அஞ்சு. நல்லா ஆடறவன் அத்தனை அடியில பந்தைக் குழியில தள்ளிடணும். அதுக்குப் பேரு பார்."

"அஞ்சுக்குப் பதில் ஏழு அடிச்சா கெட்டிக்காரனா?"

"ஐயோ, இந்த ஆட்டத்துல கொறைச்சலா அடிக்கிறவன்தான் கெட்டிக்காரன். பார்ல ஒண்ணு கொறைஞ்சா பேர்டி."

"போகி?"

அவர் தலையைச் சொறிந்தார். "ஒண்ணு கூடிப்போனா போகி. நம்ம தொரை ஒரு போகி எடுத்தாலே மூஞ்சி சுருங்கிப்பூடும். அன்னைக்குக் காப்பி கூடக் குடிக்க மாட்டாரு."

கணக்குப் போட எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். பதினாறு குழியில் ஒவ்வொன்று கூடுதல், இரண்டில் ஒவ்வொன்று குறைவு. ஆக மொத்தம் பதினாலு அடி கூடுதல். பதினேழு வருஷம் வெயிலில் காய்ந்தவன், ஒரு நாள் உருப்படியாக ஆடக்கூடாதா?

"நாளைக்குத் தொரை வந்துடுவாரு, ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே," என்றார் ஏசுரத்தினம்.

"நாளைக்குப் பத்து மணிக்கு ஆள் வேணும். நீங்க சொன்னதே போதும்," என்று கிளம்பிவிட்டேன்.

தோற்றவன் இன்னொரு சுற்று ஆடி என்ன கிழிக்கப் போகிறான்? ஆனால் பியூன் வேலைக்கு வா என்றால் அவன் வரமாட்டான். அதனால் தபாலாபீசுக்குப் போய் "அம்மா சீரியஸ், உடனே வா" என்று தந்தி அடித்தேன். பொய்தான். நல்லதற்குச் சொல்கிற பொய்யைக் கர்த்தர் மன்னிப்பார் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தேவானந்தம் ஸ்டேஷனிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தான். அம்மா ஞானம்மாள் முற்றத்தில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் அம்மாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"அம்மாவுக்கு ஒண்ணுமில்லையா அக்கா?"

"ஒண்ணுமில்லைடா. பத்து மணிக்குப் பாதிரியாரைப் பாக்கணும். பியூன் வேலை உனக்குத்தான்."

"எனக்கு எதுக்கு அது?"

"பின்னே? பதினாறு போகி எடுத்துட்டு நிக்கறியே, பேப்பர்லயே போட்டுட்டான். அங்க உனக்கு வேலை குடுத்துடுவானா?"

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, போகின்னா எங்க கிளப்புல தப்பு இல்ல. போகின்னு ஒரு கர்னல் தொரை. அப்படி ஒரு ஆளே கெடையாது, இருக்கறதா நெனச்சிக்கறது. அவரு தப்பே பண்ணாம ஆடினா ஒவ்வொரு குழிக்கும் எத்தனை அடியோ, அதுதான் போகி. எங்க மைதானத்துக்கு மொத்தம் எழுபத்திநாலு. பாதி தொரைங்களுக்கு அது எட்டறதேயில்ல. நான் பதினாறு குழியில அவரு கூடச் சரிசமமா ஆடினேன். ரெண்டுல அவரைவிட ஒண்ணு ஒண்ணு கொறைச்சல். எழுபத்திரெண்டு. நான்தான் மொதல்ல இருந்தேன்."

"ஏசுரத்தினம் ஒண்ணு கூடினா போகின்னாரேடா."

"அமெரிக்கக்காரங்க அப்படிச் சொல்லுவாங்க. எங்களுது இங்கிலீஷ்காரங்க கிளப்பு."

ஏழு மணிக்கே இரண்டாம் சுற்று ஆரம்பித்திருக்கும். மதராஸ் நூறு மைல். திரும்பிப் போ என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை. அம்மா ஒன்றும் புரியாமல், "புள்ள வந்திருக்கான், மொதல்ல துன்ன ஏதாவது குடு" என்றாள். நான் சமையலறைக்குள் போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டேன்.

பத்து மணிக்கு அவனே எழுந்து பாதிரியாரைப் பார்க்கக் கிளம்பினான். போக வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பாதிரியார் நல்ல மனுஷர், வேலையைக் கொடுத்தார். முன்னே என்ன செய்தாய் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவருக்கு ஒரே சந்தோஷம். மே மாதம் கோடைக்கானலுக்கு வந்து தன் பையைத் தூக்கச் சொன்னார். இவன் சரி என்று தலையாட்டினான்.

சனிக்கிழமைப் பேப்பரை ஏசுரத்தினம் கொண்டு வரவில்லை. முகத்தைக் காட்டவே அவருக்குக் கூச்சம். நானே பங்களாவுக்குப் போய் வாங்கி வந்தேன். இப்போது யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை, எல்லாம் புரிந்தது. முதலில் வந்தவன் பாலையா. எழுபத்தேழு, எழுபத்தெட்டு, மொத்தம் நூற்றைம்பத்தைந்து. கடைசி வரியில், முதல் நாள் முன்னணியில் இருந்த தேவானந்தம் இரண்டாம் சுற்றுக்கு வரவில்லை என்று போட்டிருந்தான்.

எண்களைப் பார்த்தால் கூட்டிக் கழிக்காமல் இருக்க முடியாத பாழாய்ப்போன புத்தி எனக்கு. நூற்றைம்பத்தைந்தில் எழுபத்திரண்டு போக எண்பத்துமூன்று. வெள்ளிக்கிழமை அவன் எண்பத்திரண்டு அடித்திருந்தாலே ஜெயித்திருப்பான்.

தேவானந்தம் பள்ளிக்கூட வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்தான். "என்ன போட்டிருக்கு, படி அக்கா," என்றான். மறைக்கலாம் என்று தோன்றியது. ஒரு பொய் சொல்லி இந்த லட்சணம், இன்னொன்று எதற்கு? முழுக்கப் படித்தேன். கணக்கையும் சொன்னேன்.

"எண்பத்திரண்டா," என்றான். துடைப்பத்தைக் கை மாற்றிக்கொண்டான். "அது நான் பதினாறு வயசுல அடிச்சது அக்கா. ஒரு தொரை ஒடைச்சிப் போட்ட மட்டையை வச்சிக்கினு."

என்னைத் திட்டுடா என்று கெஞ்சினேன். அவன் மீதி வராந்தாவைப் பெருக்கப் போய்விட்டான்.